படிவம் 10சி: பணமா, சான்றிதழா?

கேள்வி: நான் புதுச்சேரிக்காரன், 1991-ல் பிறந்தவன். 2012 முதல் 2018 வரை ஆறு வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன், பி.எஃப். பிடித்தார்கள். அதன்பின் ரீயூனியனில், சேன் தெனியில் வேலை. பத்து வருடம் முடியாததால் இந்தியப் பென்ஷன் கிடைக்காது, பி.எஃப். பணத்தோடு அதையும் எடுத்துத் தருகிறேன் என்கிறார் சென்னை ஏஜென்ட். எடுத்துவிடலாமா?

பதில்: பி.எஃப். பணத்தை எடுங்கள். பென்ஷன் பணத்தைத் தொடாதீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு தனிப் பத்தியில் இருக்கும். உங்கள் ஆறு வருடத்துக்கு அதில் கையில் வருவது ஒரு லட்சத்தைத் தொடாது. வாங்கிவிட்டால் அந்தச் சேவைக்காலமும் அதோடு போயிற்று.

இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை உண்டு. 2011 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. ரீயூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் உங்களுக்கும் பொருந்தும். பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறாது. தகுதியைப் பார்க்கும்போது இரு நாட்டுக் காலத்தையும் கூட்டுவார்கள், பிறகு அவரவர் காலத்துக்கு அவரவர் கொடுப்பார்கள். உங்கள் இந்திய ஆறு வருடத்தோடு ரீயூனியன் காலம் சேர்ந்தால் பத்து வருட நிபந்தனை தீர்ந்தது. 58 வயதில் மாதாமாதம் இந்தியப் பென்ஷன் வரும். சிறிய தொகைதான்.

லாபம் பிரெஞ்சுப் பக்கத்தில். இன்றைய சட்டப்படி உங்கள் வயதுக்காரர் முழு விகிதமான, சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம் பெற 172 காலாண்டுகள் சந்தா கட்டியிருக்க வேண்டும். 2018-லிருந்து 64 வயதுவரை இடைவெளியில்லாமல் உழைத்தாலும் 148 தான். குறைவுக்கு 64 வயதில் அதிகபட்சம் 12 காலாண்டுக்கான அளவு விகிதத்தை வெட்டுவார்கள், அது 42.5 சதவீதம் ஆகும். சென்னையின் ஆறு வருடம் 24 காலாண்டு. கூட்டினால் சரியாக 172, வெட்டு இல்லை. சராசரிச் சம்பளம் மாதம் 2,000 யூரோ என்று வையுங்கள். பிரான்ஸ் கொடுப்பது 172-ல் 148 பங்குக்கு மட்டும்: வெட்டோடு சுமார் 731 யூரோ, வெட்டில்லாமல் 860. ஆயுள் முழுக்க மாதம் 129 யூரோ வித்தியாசம். (67 வரை காத்திருந்தால் எப்படியும் முழு விகிதம்தான். ஆனால் மூன்று வருடப் பென்ஷன் போய்விடும்.)

இங்கே கட்டியதை ஊருக்குத் திரும்பும்போது மொத்தமாக வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் பென்ஷன் சந்தாவைச் சாதாரணமாகத் திருப்பித் தருவதில்லை.

இனி செய்ய வேண்டியது. பி.எஃப். தொகைக்குப் படிவம் 19. பென்ஷனுக்குப் படிவம் 10சி, ஆனால் அதில் இரண்டு வழி உண்டு: பணம் எடுப்பது, அல்லது சேவைக்காலத்தை அப்படியே காப்பாற்றும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்குவது. பலர் பார்க்காமலே முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். நீங்கள் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். ஏஜென்ட்டிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

அப்புறம் பெயர். பி.எஃப். பதிவில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும். பிரெஞ்சுத் தாளில் அதுவே குடும்பப் பெயராக நீளும். இரண்டும் ஒருவரே என்று அன்றைக்கு நிரூபிக்க அலைய வேண்டாம், இப்போதே பழைய கம்பெனி வழியாகத் திருத்துங்கள். கம்பெனி மூடினால் கஷ்டம். வயது வந்ததும் இங்குள்ள சமூகப் பாதுகாப்பு நிதியகத்திலேயே விண்ணப்பித்தால் போதும், இந்தியாவுக்கு அவர்களே அனுப்புவார்கள்.