மொத்தப் பேமெண்ட் கடிதத்தில் பில் கணக்கு

“ஒரே என்.இ.எஃப்.டி.யில் ₹2,04,000 அனுப்பினோம். மூன்று பில் நம்பரும் எழுதியும் காண்ட்ராக்டர் கம்பெனி கணக்கு இடிக்கிறது என்கிறது.”

இடிப்பது டி.டி.எஸ். பில் நம்பரோடு பில் தொகை, டி.டி.எஸ்., இப்போது செலுத்தியது, பாக்கி என நான்கு தொகையும் வரிக்கு வரி வேண்டும். 2% பிடித்தம் ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகைக்குத்தான், ₹59,000 பில்லில் ₹50,000-க்கு ₹1,000.

```
பில்  தொகை      டி.டி.எஸ்.  செலுத்தியது  பாக்கி
112  59,000    1,000     58,000      0
115  1,18,000  2,000     1,16,000    0
118  59,000    1,000     30,000      28,000
```

செலுத்திய பத்தியின் கூட்டல் பேங்கில் போன தொகையோடு ஒரு ரூபாய்கூட மாறக்கூடாது. மேலே யு.டி.ஆர். எண்ணும் தேதியும் போடுங்கள். அவர்கள் ஸ்டேட்மெண்டில் தேடுவது அதைத்தான். 118-இன் பாக்கிக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்கு டி.டி.எஸ். முழுதும் பிடித்தாயிற்று என்றும் சேருங்கள். இல்லையென்றால் ₹28,000 வரும்போது இன்னொரு பிடித்தத்தை எதிர்பார்ப்பார்கள்.