வீதமா, விகிதமா, விகிதசமமா?

கும்பகோணம், பத்தாம் வகுப்பு மாணவி: சார், மூணும் ஒண்ணு மாதிரியே இருக்கு. ரெண்டு மார்க் கேள்வியில எப்பவும் மாத்தி எழுதிடறேன்.

எதை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்று பாரும்மா. இட்லிக்கு நாலு படி அரிசி, ஒரு படி உளுந்து. படியும் படியும் அடிபட்டு 4:1 என்று வெறும் எண் நிற்கிறது, அது விகிதம். மேட்டூரில் வினாடிக்கு 10,000 கன அடி திறக்கிறார்கள் என்றால் தண்ணீரை நேரத்தோடு வைத்துப் பார்க்கிறோம், எதுவும் அடிபடாமல் அலகு ஒட்டிக்கொண்டே வரும், அது வீதம். விகிதசமம் ஓர் அளவே இல்லை, இரண்டு விகிதங்கள் சமம் என்று சொல்லும் வாக்கியம். கல்யாண வீட்டில் 12 படி அரிசிக்கு 3 படி உளுந்து ஊறப்போட்டால் 4:1 = 12:3. விடையில் சமக்குறியே இல்லையா, அப்போது நீ எழுதியது விகிதசமம் இல்லை.

மன்னார்குடி, பிளஸ் ஒன்: அப்ப அலகு இருந்தா வீதம், இல்லாட்டி விகிதம். அவ்வளவுதானே?

பாதி சரி தம்பி. 2 கிலோ யூரியாவுக்கும் 500 கிராம் பொட்டாஷுக்கும் விகிதம் கேட்டால் கேள்வியிலேயே அலகு இருக்கிறது, ஆனால் இரண்டும் எடைதான். 2:500 என்று எழுதி மார்க்கை விடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கிராமாக்கினால் 2000:500, சுருக்கினால் 4:1. அலகு இருக்கிறதா என்று பார்க்காதே, மாற்றினால் அடிபடுமா என்று பார்.

வேதாரண்யம் பக்கம், விவசாயி: மேட்டூர்னு சொன்னீங்களே, ஜூன் 12 திறந்தாலும் எங்க கடைமடைக்குத் தண்ணி எப்ப வரும்?

அண்ணே, அதை நீர்வளத்துறையில்தான் கேட்கணும்! ஆனால் பசங்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 'இன்று 10,000 கன அடி திறப்பு' என்று வினாடியை விட்டுவிட்டுச் சொல்வதால், அதையே மொத்தத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளில் 86,400 வினாடி, அதே வீதத்தில் நாள் முழுக்க ஓடினால் 86.4 கோடி கன அடி. டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஆக 0.864 டி.எம்.சி. வீதத்தை நேரத்தால் பெருக்கின பிறகுதான் மொத்தம் வரும்.

திருவாரூர், ரைஸ் மில்காரர்: 100 கிலோ நெல்லுக்கு 66 கிலோ அரிசி வருது. பையன் இதை விகிதம்ங்கிறான், புள்ளியியல் படிக்கிற பொண்ணு விகிதாச்சாரம்ங்கிறா. யாரு சரி?

பள்ளித் தேர்வுக்குப் பையன் சரி: கிலோவுக்குக் கிலோ, அரிசிக்கும் நெல்லுக்கும் 33:50. அரிசி அந்த நெல்லுக்குள்ளிருந்தே வருகிற பங்கு என்பதால், முழுசில் பகுதி எவ்வளவு என்ற கணக்காக, 0.66 என்று புள்ளியியலில் அதற்குத் தனிப் பேர் வைக்கிறார்கள். தமிழில் அந்தப் பேர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது, சிலர் விகிதசமத்தையே விகிதாச்சாரம் என்றும் எழுதுகிறார்கள். பொண்ணு எந்தப் புத்தகத்தில் படித்ததோ, அதைப் பார்க்காமல் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.