வாரிசுப் பங்கு கூடினாலும் குறைந்தாலும்: அவ்ல், ரத்து பற்றிய கேள்விகளும் பதில்களும்

"ராத்தா மவ்த்தாகி இரண்டு மாதம் ஆகிறது. மச்சான், இரண்டு பெண் பிள்ளைகள், எங்கள் உம்மா இருக்கிறார்கள். வாப்பா முன்பே போய்விட்டார். கணவருக்குக் கால், பெண்களுக்கு மூன்றில் இரண்டு, உம்மாவுக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறது. நான் எங்கே தப்புச் செய்தேன்?"

தப்பே செய்யவில்லை தம்பி. பங்குகளைச் சரியாக எடுத்திருக்கிறீர்கள். தாண்டுகிறது என்று தெரிந்ததும் பலர் யாராவது ஒருவருடைய பங்கைத் தட்டிவிடுவார்கள். நீங்கள் நிறுத்திக் கேட்டது நல்லது.

மொத்தத்தை 12 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு 3, பெண்களுக்கு 8, உம்மாவுக்கு 2. கூட்டினால் 13 வருகிறது. இருப்பதோ 12. அதனால் 12-ஐ விட்டுவிட்டுச் சொத்தையே 13 பங்காக வெட்ட வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்பது மாறாது, ஒரு பங்கின் அளவு மட்டும் கொஞ்சம் சிறுக்கும். இதுதான் அவ்ல்.

கஃபன் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 26 லட்சம் மிஞ்சுவதாக வைப்போம். ஒரு பங்கு 2 லட்சம். மச்சானுக்கு 6 லட்சம், உம்மாவுக்கு 4 லட்சம், பெண்களுக்கு 16 லட்சம், அதாவது ஆளுக்கு 8 லட்சம். அவ்ல் இல்லாத கால் பங்கு என்றால் மச்சானுக்கு ஆறரை வந்திருக்கும். அவருக்கு அரை லட்சம் குறைகிறது. அதே விகிதத்தில் மற்றவர்களுக்கும் குறைகிறது.

மச்சான் மஹரில் பாக்கி வைத்திருந்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அது அவர் ராத்தாவுக்குப் பட்ட கடன், சொத்தோடு சேர்க்க வேண்டியது. அதைச் சேர்த்த பிறகுதான் 13-ஆகப் பிரிக்க வேண்டும்.

நீங்கள் உடன்பிறந்த சகோதரர், அஸபா. பங்குதாரர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் அஸபாவுக்கு. இங்கே மிச்சமே இல்லாததால் உங்களுக்கு ஒன்றும் வராது.

"கணவருக்குக் கால் என்று குர்ஆனே தெளிவாகச் சொல்கிறது. அதை முழுசாகக் கொடுத்துவிட்டு, குறைவதைப் பெண் பிள்ளைகளிடம் கழித்தால் வசனமும் மாறாது, கணக்கும் சரியாகுமே? இப்னு அப்பாஸ் அப்படித்தான் சொன்னதாகப் படித்திருக்கிறேன்."

பாதி சரி. இப்னு அப்பாஸ் (ரலி) அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அதனால் வசனம் மாறாமல் இருக்கும் என்பது சரியில்லை. பெண்களுக்கு மூன்றில் இரண்டு என்பதும் அதே அந்நிஸா அத்தியாயத்தில், அதற்கு முந்தைய வசனத்தில்தான் இருக்கிறது. ஒரு வசனத்தை முழுசாகக் காப்பாற்ற இன்னொன்றைக் குறைக்க வேண்டியிருக்கிறது. யாருடையதைக் குறைப்பது என்பதுதான் பிரச்சினை.

இது முதலில் எழுந்தது உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில். ஒரு பெண் இறந்து, கணவரையும் இரண்டு சகோதரிகளையும் விட்டுச் சென்றார். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறில் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. கணவருக்கு முதலில் கொடுத்தால் சகோதரிகளுக்கு முழுசாக இல்லை, சகோதரிகளுக்கு முதலில் கொடுத்தால் கணவருக்கு இல்லை. அல்லாஹ் யாரை முற்படுத்தினான், யாரைப் பிற்படுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை என்ற கருத்தில் உமர் (ரலி) தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அப்போது சொல்லப்பட்ட உவமை: ஒருவர் 6 திர்ஹம் விட்டு இறக்கிறார், ஒருவருக்கு 3-ம் இன்னொருவருக்கு 4-ம் கடன் இருக்கிறது. 6-ஐ 7 பங்காக்கி 3-ம் 4-ம் கொடுக்க மாட்டோமா? சொன்னவர் அப்பாஸ் (ரலி) என்று ஓர் அறிவிப்பு, ஸைத் பின் ஸாபித் (ரலி) என்று இன்னொன்று.

இப்னு அப்பாஸ் தம் மறுப்பை உமர் (ரலி) காலமான பிறகுதான் வெளியே சொன்னார்கள். அவர்களுடைய வாதம் லேசானதல்ல. கணவனுக்குப் பாதி இல்லையென்றால் கால், மனைவிக்குக் கால் இல்லையென்றால் எட்டில் ஒன்று, தாய்க்கு மூன்றில் ஒன்று இல்லையென்றால் ஆறில் ஒன்று. கீழே இறங்கினாலும் இவர்களுக்கு ஒரு குறித்த பங்கு இருக்கிறது. மகளும் சகோதரியும் அப்படியல்ல. கூட ஆண் பிள்ளை இருந்துவிட்டால் குறித்த பங்கே போய், மிச்சத்தில் வருவதை எடுப்பவர்களாகிவிடுவார்கள். ஆகவே குறைவை அவர்கள்தான் சுமக்க வேண்டும் என்றார்கள். ஷியா சட்டம் இன்றும் மகள், சகோதரி பக்கம்தான் குறைக்கிறது. மேலே சொன்ன வீட்டில் அப்படிச் செய்தால் மச்சானுக்கு ஆறரை லட்சம் முழுசாகக் கிடைக்கும், பெண்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 7 லட்சத்து 58 ஆயிரம்தான் வரும்.

நான்கு மத்ஹபும் உமர் (ரலி) முடிவில் நிற்கின்றன. எனக்கும் கடன்காரர் உவமைதான் மனசுக்குச் சரியாகப் படுகிறது. எல்லாருடைய உரிமையும் ஒரே பலமுள்ளதாக இருக்கும்போது குறைவும் எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

"எங்கள் அத்தா போய்விட்டார். அம்மா, நான், மூன்று தங்கைகள். தங்கைகளுக்கு மூன்றில் இரண்டு, அம்மாவுக்கு எட்டில் ஒன்று போனால் எனக்கு மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். அவ்ல் போட்டால் எனக்குக் கூடுமா?"

உங்கள் வீட்டில் அவ்ல் வராது. மகன் இருக்கும்போது மகள்களுக்கு மூன்றில் இரண்டு என்ற குறித்த பங்கு கிடையாது, அவர்கள் உங்களோடு சேர்ந்து அஸபா ஆகிவிடுகிறார்கள். அம்மாவுக்கு எட்டில் ஒன்று கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஐந்தாக்கி உங்களுக்கு இரண்டு, தங்கைகளுக்கு ஒவ்வொன்று. தாத்தாவோ பாட்டியோ உயிரோடு இருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

"கணக்குச் சரியா என்று சோதிக்க வழி இருக்கிறதா ஹஜ்ரத்? எனக்கு ஒரு முறை 12 என்பது 14 ஆனது, இன்னொரு முறை 16."

இரண்டுமே தப்பு. நான்கு மத்ஹபின் கணக்கிலும் 12 கூடினால் 13, 15, 17 என்றுதான் கூடும். 6 மட்டும் 7 முதல் 10 வரை எந்த எண்ணுக்கும் போகும். 24 கூடினால் 27 மட்டுமே. வேறு எண் வந்தால் வாரிசு ஒருவரைத் தப்பாகச் சேர்த்திருப்பீர்கள், அல்லது ஒருவருடைய பங்கு இறங்கியதைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.

அந்த 27-க்கு மிம்பரிய்யா என்று பெயர். அலி (ரலி) கூஃபாவில் மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார்: மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருந்தால்? அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். 3, 16, 4, 4 என்று கூட்டிப் பாருங்கள், 27 வரும். மனைவியின் 3 அதில் ஒன்பதில் ஒன்று.

"எங்கள் சின்னம்மா வஃபாத் ஆகிவிட்டார். சின்னப்பா முன்பே இல்லை. ஒரே மகளும், சின்னம்மாவின் தாயான எங்கள் நன்னியும் இருக்கிறார்கள். பாதியும் ஆறில் ஒன்றும் போக மிச்சம் இருக்கிறது. ரத்து செய்ய வேண்டும் என்கிறார்கள். யாருடைய பங்கு ரத்தாகும்?"

யாருடையதும் ரத்தாகாது. நாம் தமிழில் நீக்குவதற்குச் சொல்லும் ரத்தும் அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் இங்கே திருப்பிக் கொடுத்தல் என்று பொருள். மிச்சம் பங்குதாரர்களிடமே அவரவர் விகிதத்தில் திரும்பிப் போகும். மகளுக்கு ஆறில் 3, நன்னிக்கு ஆறில் 1. மொத்தம் 4. சொத்தை நான்காக்கினால் மகளுக்கு மூன்று, நன்னிக்கு ஒன்று. 24 லட்சம் என்றால் 18-ம் 6-ம்.

ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அவர் உங்கள் சின்னம்மா என்றால் உங்கள் அம்மாவின் தங்கை அல்லவா? அம்மா உயிரோடு இருக்கிறார்களா? இருந்தால் இந்த வீட்டில் ரத்தே கிடையாது. மகள் இருக்கும்போது உடன்பிறந்த சகோதரி அஸபாவாகி மிச்சத்தை எடுப்பார். மகளுக்கு 12 லட்சம், நன்னிக்கு 4, உங்கள் அம்மாவுக்கு 8. நீங்கள் எழுதிய வாரிசுப் பட்டியலில் உங்கள் அம்மாவே விடுபட்டிருக்கிறார்.

என்னிடம் வரும் தாள்களில் அதிகம் நடப்பது இதுதான். மிச்சம் வந்தவுடன் ரத்து என்று எழுதிவிடுகிறார்கள். அஸபா ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ரத்து. சகோதரன், சகோதரன் மகன், வாப்பாவின் சகோதரன், அவர் மகன் என்று தேடிப் போக வேண்டும். பார்த்தே இராத பெரியப்பா மகன் ஒருவர் இருந்தாலும் மிச்சம் அவருக்குப் போகும். பெண் பிள்ளைகள் மட்டுமுள்ள வீடுகளில் இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதற்காக அவர் பெயரை மறைப்பது கூடாது. பெண்களுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து, கையிலும் ஒப்படைத்துவிட வேண்டும்.

"நாங்கள் ஷாஃபி. எங்கள் மத்ஹபில் ரத்து இல்லை, மிச்சம் பைத்துல்மாலுக்கு என்று ஓதியிருக்கிறேன். ஊர் பைத்துல்மாலில் கட்டிவிடலாமா?"

ஓதியது சரிதான். ஸைத் பின் ஸாபித் (ரலி) கருத்து அது, இமாம் ஷாஃபியும் அதை எடுத்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது முறையாக நடக்கும் ஆட்சியின் கருவூலம். அது ஒழுங்காக இல்லாத இடத்தில் பங்குதாரர்களுக்கே திருப்ப வேண்டும் என்று பிற்கால ஷாஃபி அறிஞர்கள் தீர்ப்பளித்து, அதுவே மத்ஹபில் நிலைத்துவிட்டது. நம் ஊர்களில் பைத்துல்மால் என்ற பெயரில் நடப்பது ஜமாஅத்தின் தர்ம நிதி. நல்ல காரியம், ஆனால் வாரிசு அல்ல.

"கணவர் மவ்த்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை, அவர் பக்கம் யாருமில்லை. எனக்குக் கால் மட்டும்தான், மிச்சம் திரும்பாது என்கிறார்கள். உண்மையா?"

கணவன் மனைவிக்கு ரத்து கிடையாது என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. ரத்து இரத்த உறவுக்காக வருவது என்பது காரணம். உஸ்மான் (ரலி) கொடுத்ததாக ஓர் அறிவிப்பு இருக்கிறது, அதற்கு வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. வேறு வாரிசே இல்லாதபோது மீதியும் துணைக்கே என்று பிற்கால ஹனஃபிகள் தீர்ப்பளித்தார்கள். எகிப்தின் 1943-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான், இந்திய நீதிமன்றங்களும் ஹனஃபி வழக்குகளில் அதை ஏற்றிருக்கின்றன.

ஆனால் "யாருமில்லை" என்பதை நன்றாக விசாரியுங்கள் சகோதரி. அவருடைய சகோதரியின் பிள்ளைகள், தாய்மாமன் போன்றவர்கள் இருந்தால் முக்கால் பங்கு அவர்களுக்குப் போகும். நீங்கள் எந்த மத்ஹப், எந்த நாட்டில் சொத்து என்று தெரியாமல் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

"ராத்தா விஷயம் கேட்ட நான்தான். உம்மா தனக்கு வேண்டாம் என்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டு மச்சானுக்குக் கால், பெண்களுக்கு மூன்றில் இரண்டு என்று எழுதிவிடலாமா?"

கூடாது. எழுதினால் என்ன ஆகும் பாருங்கள். 3-ம் 8-ம் சேர்ந்து 11, பன்னிரண்டில் ஒன்று மிஞ்சும். அதை எடுக்கும் அஸபா நீங்கள். உம்மா விட்டுக்கொடுத்ததில் ஒரு பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும். உம்மா நினைத்தது அதுவாக இருக்காது.

ராத்தாவின் உயிர் பிரிந்த அந்த நொடியே உம்மாவின் பங்கு உம்மாவுக்குச் சொந்தமாகிவிட்டது. அதனால் 13-ஆகவே பிரியுங்கள். 4 லட்சத்தை உம்மா கையில் கொடுங்கள். பிறகு பேத்திகளுக்கோ வேறு யாருக்கோ அவர்களே கொடுக்கட்டும்.