குடும்பப் பாங்கை ஆங்கிலத்தில் சொல்வது

ஐயா,

தங்கைக்கு வரன் பார்க்கிறோம். நாளிதழில் கொடுத்த விளம்பரம் இது: "28 வயது, பி.இ., சென்னையில் சாஃப்ட்வேர் பணி, மாநிறம், குடும்பப் பாங்கான மணமகளுக்குப் படித்த, நற்பணியிலுள்ள வரன் தேவை. சுவாதி, சுத்த ஜாதகம்." அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பையனின் வீட்டார் இதை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். நான் பெயர்த்தது வேலைக்கு விண்ணப்பித்தது போல இருக்கிறது. எப்படி எழுதலாம்?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

நாளிதழ் விளம்பரத்துக்கு வரிக்கணக்கில் காசு. அதனால் அதில் வினைச்சொல்லும் இல்லை, பேசுகிறவரும் இல்லை. ஆனாலும் "வரன் தேவை" என்று படித்ததுமே, அதற்குப் பின்னால் ஓர் அப்பாவும் அம்மாவும் நிற்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அவர்கள் காணாமல் போகிறார்கள். "வான்டட்" என்று போட்டால் காவல்துறை அறிவிப்பாகிவிடும். ஆகவே "அவர் டாட்டர்" என்று பெற்றோர் குரலிலேயே தொடங்குங்கள். "வீ வுட் லைக் டு மீட்" என்று முடியுங்கள். நடுவில் பி.இ.யும் வேலையும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

சிக்கல் "குடும்பப் பாங்கான" என்பதில்தான். நம் ஊர் ஆங்கிலத்தில் அதற்கு "ஹோம்லி" என்று போடுவது வழக்கம். அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் பார்க்க லட்சணமில்லாதவள் என்று பொருள். "ஃபேமிலி ஓரியன்டட்" தவறில்லை, ஆனால் அதுவும் பட்டியலில் இன்னொரு தகுதியாகத்தான் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எதைப் பார்த்து அவளை அப்படிச் சொன்னீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

இப்படி ஒரு விளம்பரத்தை நான் பெயர்த்தபோது பெண்ணின் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்து தலைப்புச் செய்திகளைப் படித்துக் காட்டுவாள்" என்றார். நான் எழுதியது: "எவ்ரி நைட் அட் நைன் ஷீ கால்ஸ் ஹர் கிராண்ட்மதர் அண்ட் ரீட்ஸ் ஹர் த நியூஸ்." குடும்பப் பாங்கு முழுவதும் அதற்குள் இருந்தது. உங்கள் தங்கைக்கு வேறொன்று இருக்கும். ஒன்று போதும், அது உண்மையாக இருக்கவேண்டும். மூன்று நான்கு சேர்த்தால் மறுபடியும் பட்டியலாகிவிடும்.

மாநிறத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு நம் ஊர் ஆங்கிலத்தில் போடும் "வீட்டிஷ்" என்ற சொல் அமெரிக்காவில் பலருக்கும் புரியாது, புகைப்படம்தான் போகிறதே.

"சுத்த ஜாதகம்" என்பதை "கிளீன் ஹாரஸ்கோப்" என்று பெயர்த்தால் அந்தப் பையனுக்கு எதுவும் விளங்காது. செவ்வாய் தோஷமோ ராகு கேது தோஷமோ இல்லை என்பதைத்தானே சொல்ல வருகிறீர்கள்? அவர்கள் வீட்டில் பொருத்தம் பார்ப்பார்களா என்று முதலில் விசாரியுங்கள். பார்ப்பவர்கள் என்றால், சுவாதி, துலாம், தோஷம் இல்லை என்று கடைசியில் தனி வரியாகக் கொடுங்கள். அந்த வரி பையனின் அம்மாவுக்கானது, அதை வாக்கியமாக்க மெனக்கெட வேண்டாம். பார்க்காதவர்கள் என்றால், கேட்டால் ஜாதகம் அனுப்புகிறோம் என்று எழுதினால் போதும்.

அனுப்பும் முன் தங்கையிடம் படிக்கக் கொடுங்கள். "இது நான் இல்லை" என்று அவர் சொல்லும் இடத்தை மாற்றுங்கள்.