உடைந்த தமிழ் சப்டைட்டிலைத் திருத்தத் தனிக் கட்டணமா?

கேள்வி: வீட்டில் சமையல் வகுப்பு நடத்துகிறேன். அசாம் லக்சா செய்முறையை ஒரு நிமிட நெடுக்குக் காணொளியாக எடுத்து, தொகுப்பாளர் ஒருவரிடம் பணம் கொடுத்துத் தமிழ் சப்டைட்டில் போட்டு வாங்கினேன். எழுத்து மிகச் சிறியது. சொற்கள் பாதியில் உடைகின்றன. கடைசி வரி, பதிவின் விவரத்துக்குப் பின்னால் மறைகிறது. திருத்துவதற்கு மேலும் 150 ரிங்கிட் கேட்கிறார். தரலாமா?
— வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: முழுத் தொகையையும் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. எழுத்து உடைந்திருப்பது அவர் செய்த வேலையின் குறை. அதைத் திருத்தக் கட்டணம் கேட்பது முறையன்று. அளவையும் இடத்தையும் மாற்றுவது, சப்டைட்டில் அவருடைய தொகுப்புக் கோப்பில் இன்னும் எழுத்தாகவே இருக்குமானால், எல்லா வரிகளுக்கும் ஒரே முறையில் முடிந்துவிடும் சிறு வேலை. வரிகளைப் புதிதாகப் பிரித்து நேரம் ஒட்டுவதுதான் உண்மையில் உழைப்பைக் கேட்கும் என்பதால், பேரம் பேசுவதானால் அதற்கு மட்டும் பேசுங்கள்.

முதலில் உடைவு எத்தகையது என்று பாருங்கள். ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, துணைக்குறி தனியாகப் புள்ளி வட்டத்தோடு தெரிந்தாலோ, மென்பொருள் தமிழ் எழுத்தைக் கோக்கவில்லை என்று பொருள். பிரீமியர் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில் எழுதப்பட்டிருந்தால், அமைப்புகளில் Graphics பகுதியில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவூட்டமும் இதே கோளாறைச் செய்யும், அதை நீக்கிவிடலாம். எழுத்து சரியாக இருந்து, சொல் மட்டும் வரியின் ஓரத்தில் வெட்டுப்பட்டால், அது வரிப்பிரிப்புக் குறை.

உங்கள் செய்முறையில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘லக்சாவுக்கு மீனை முதலில் அவித்து முள் நீக்கி வைத்துக்கொள்ளுங்கள்.’ மெய்யையும் உயிர்மெய்யையும் ஒவ்வோர் எழுத்தாக எண்ணினால் 31 எழுத்துகள். அகலம் 1080 பிக்சல் கொண்ட நெடுக்குக் காணொளியில் இருபுறமும் 150 பிக்சல் விட்டு, எழுத்தளவை 60 பிக்சலாக வைத்தால், ஒரு வரியில் ஏறத்தாழ 15 எழுத்துகளே கொள்ளும். எழுத்துருவைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். இடைவெளிகளையும் சேர்த்தால் இவ்வாக்கியம் இரண்டு வரிகளில் அடங்காது. அடங்கும்வரை நிரப்பிக்கொண்டே போனால், ‘முதலில்’ ஒரு வரியிலும் அது தழுவும் ‘அவித்து’ அடுத்த வரியிலும் விழுந்து, ‘வைத்துக்கொள்ளுங்கள்’ மட்டும் அடுத்த திரைக்குத் தனியாகப் போகும். அதைவிடப் பொருள் நிற்கும் இடத்தில் இரண்டு திரைகளாகப் பிரிப்பதே நல்லது:

```
1
00:00:14,200 --> 00:00:16,700
லக்சாவுக்கு மீனை
முதலில் அவித்து

2
00:00:16,700 --> 00:00:19,000
முள் நீக்கி
வைத்துக்கொள்ளுங்கள்
```

சொல் மிக நீண்டு, வெட்டியே ஆகவேண்டுமென்றால் ‘வைத்துக் / கொள்ளுங்கள்’ என்று துணைவினைக்கு முன் வெட்டலாம்; ஒற்று முதற்சொல்லோடுதான் நிற்க வேண்டும். ‘லக்சாவுக் / கு’ என்று வேற்றுமை உருபைப் பிரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அளவைப் பொறுத்தவரை, 1080 அகலத்துக்கு 60 பிக்சலில் தொடங்குங்கள். தடிமனை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ எழுத்தைச் சுற்றிக் கனமான கறுப்பு வரம்பு போட்டாலோ, ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். வரி இடைவெளி எழுத்தளவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்கட்டும். நெருக்கினால் மேல்வரியின் ‘ழு’, ‘கூ’ ஆகியவற்றின் அடிப்பகுதி கீழ்வரியின் புள்ளிகளில் மோதும். புள்ளி மறைந்தால் ‘முள்’ என்பதே ‘முள’ ஆகிவிடும்.

இடம் பற்றிய விதி எளிது. 1920 பிக்சல் உயரத்தில் கீழே ஏறத்தாழ 400 பிக்சலைப் பெயரும் விவரமும் மறைக்கும். வலப்புறம் பொத்தான்கள் நிற்கும். ஆகவே மேலிருந்து 1300-க்கும் 1480-க்கும் இடையில் இரண்டு வரிகளும் அமையட்டும். சட்டியை மேலிருந்து படம்பிடித்த காட்சிகளில் உணவு நடுவில் இருப்பதால், இது அதையும் மறைக்காது. மலாய் வரியையும் கீழே சேர்க்கலாமா என்று தொகுப்பாளர் கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். நான்கு வரிகள் திரையில் நின்றால் சமையலைப் பார்க்க இடமிருக்காது. மலாய்க்கு எஸ்ஆர்டி எனப்படும் தனி சப்டைட்டில் கோப்பு போதும்.

மேற்கொண்டு பணம் தருவதற்கு முன், எழுத்தில்லாத காணொளியையும் தமிழ் எழுத்து சிதையாதபடி யூடிஎப்-8 முறையில் சேமித்த எஸ்ஆர்டி கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எஸ்ஆர்டி கோப்பு சொற்களையும் நேரத்தையும் வரிப்பிரிப்பையும்தான் சுமக்கும். எழுத்தளவும் இடமும் அதில் வாரா. அவற்றைச் சோதிக்க, திருத்திய காணொளியைத் தனிப்பட்ட பதிவாக ஏற்றி, வீட்டிலுள்ள மிகச் சிறிய கைப்பேசியில், கையை நீட்டிப் பிடித்து ஒலியின்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு வரியை இரண்டாம் முறை படிக்க நேர்ந்தால், அந்த நொடியைக் குறித்துக்கொண்டு தொகுப்பாளருக்கு அனுப்புங்கள்.