சுட்ட இறைச்சிக்கு ரெட் வைனா, பியரா?

கேள்வி: பாசிக்குடாவில் சுட்ட மாட்டிறைச்சியோடு ரெட் வைன் குடித்தேன், அருமை. பார்பிகியூ சோஸைத் தொட்டதும் அதே வைன் கசந்தது. ஏன்?

காரணம் டனின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வைனுக்கு வரும் துவர்ப்பு அது. மரமுந்திரிகைப் பழத்தைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதேதான். எச்சிலின் புரதத்தோடு ஒட்டி வாயை உலர்த்திவிடும். கொழுப்புள்ள இறைச்சி வாயில் இருந்தால் டனின் அதில் ஒட்டிக்கொள்ளும், நாக்குத் தப்பிவிடும். சாயத் தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது போல.

சோஸில் சீனியும் மிளகாயும் இருக்கின்றன. இனிப்புச் சாப்பிட்ட வாய்க்கு வைன் புளிப்பாகவும் கசப்பாகவும் படும். வைனின் 13, 14 சதவீத மதுசாரம் மிளகாய் எரிச்சலையும் கூட்டும்.

அந்த இடத்தில் என் தெரிவு ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். அதன் வறுத்த தானிய வாசம் இறைச்சியின் கருகிய ஓரத்தோடும் புகையோடும் ஒத்துப்போகும், டனினும் குறைவு. ஆனால் நம் லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம். உறைப்பு அதிகமென்றால் குளிர்ந்த லாகர் பியரே நல்லது. கருகல் கரியாகிவிட்டதா? சுரண்டிவிடுங்கள், அந்தக் கசப்பு எதோடும் சேராது.

அப்புறம், ரெட் வைனை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்பார்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறை, சுமார் 16 முதல் 18 பாகை. மட்டக்களப்பின் 30 பாகையில் மதுசாரம்தான் மூக்கில் ஏறும். ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள்.