ஜி6பிடி குறைவு உள்ளவருக்கு மலேரியா மாத்திரை: எது ஆபத்து, எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 22 வயது. பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை வந்து லைட்டில் வைத்தார்கள். அப்போதே ஜி6பிடி என்ற என்சைம் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் காய்ச்சல், டெஸ்ட்டில் வைவாக்ஸ் மலேரியா. மூன்று நாள் குளோரோகுயின் முடிந்துவிட்டது. இனி 14 நாளுக்கு பிரைமாகுயின் எழுதியிருக்கிறார்கள். பழைய விஷயத்தை டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டோம். மாத்திரையை ஆரம்பிக்கலாமா? வேறு எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: ஆரம்பிக்க வேண்டாம். அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு, பழைய சீட்டும் இருந்தால் அதையும் சேர்த்து, நாளைக்கே எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவதால் மகனுக்கு ஆபத்து எதுவும் வராது. ஏனென்றால் காய்ச்சலை உண்டாக்கிய, ரத்தத்தில் இருந்த கிருமிகளைக் குளோரோகுயின் கவனித்துக்கொண்டது. ஜி6பிடி குறைவு உள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் குளோரோகுயின் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை. பிரைமாகுயினின் வேலை வேறு. வைவாக்ஸ் கிருமிகளில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் போய்ச் சத்தமில்லாமல் தூங்கும், சில வாரமோ சில மாதமோ கழித்து எழுந்து வந்து மறுபடியும் காய்ச்சலைக் கொடுக்கும், அவற்றைக் கொல்வதற்குத்தான் அந்த 14 நாள் மாத்திரை. அது தேவையான மருந்துதான், ஆனால் உங்கள் மகனுக்கு அதே முறையில் கொடுக்க முடியாது.

சிவப்பணுவின் வயதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த விஷயம் முழுக்கப் புரியும். சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழும். அதற்குள் உட்கரு கிடையாது, அதனால் பிறக்கும்போது கொண்டுவந்த என்சைம்களை வைத்துத்தான் அது காலம் தள்ள வேண்டும், புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஜி6பிடி என்ற என்சைம்தான் அதை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பாற்றுகிறது. உங்கள் மகனின் அணுக்களில் இந்த என்சைம் சீக்கிரம் தேய்ந்துவிடும். இளம் அணுவில் ஓரளவு இருக்கும், வயதான அணுவில் ஏறக்குறைய காலியாகியிருக்கும். சாதாரண நாட்களில் அந்தக் கொஞ்சமே போதும், அதனால்தான் 22 வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிரைமாகுயின் போன்ற மருந்து உள்ளே போகும்போது அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் கெட்டுக் கட்டிதட்டும், அணுவின் உறை சேதமாகும், வயதான அணுக்கள் கூட்டமாக உடையும். 1956-ல் அமெரிக்காவில், பிரைமாகுயின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் சிதைகிறது என்று ஆராய்ந்தபோதுதான் இந்தக் குறைபாடே கண்டுபிடிக்கப்பட்டது.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். கட்டட வேலை செய்பவர், 60 கிலோ எடை, தனக்கு இப்படி ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. தினம் 15 மில்லிகிராம் பிரைமாகுயின் ஆரம்பித்த மூன்றாம் நாள் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. வெயிலில் வேலை பார்த்த சூடு என்று நினைத்து இளநீர் குடித்துவிட்டு மாத்திரையைத் தொடர்ந்திருக்கிறார். ஐந்தாம் நாள் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி, கண் மஞ்சளாகி வந்தார். காய்ச்சலின்போது 13 இருந்த ஹீமோகுளோபின் 7.6 ஆகியிருந்தது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை ரத்தம் இருப்பதாகக் காட்டியது, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றுகூட இல்லை. அதற்கு அர்த்தம், ரத்தக் குழாய்க்குள்ளேயே அணுக்கள் உடைந்து வெறும் ஹீமோகுளோபின் மட்டும் சிறுநீரில் இறங்குகிறது என்பது. மாத்திரையை நிறுத்தினோம், சிறுநீரகத்தைக் காப்பாற்ற நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம், ஒரு யூனிட் ரத்தமும் கொடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அன்றே எடுத்த ஜி6பிடி டெஸ்ட் என்ன சொன்னது தெரியுமா? நார்மல். இதில் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். என்சைம் குறைந்த கிழட்டு அணுக்கள் எல்லாம் உடைந்து போய்விட்டன, ரத்தத்தில் மிஞ்சியவையும் எலும்பு மஜ்ஜை அவசரமாகத் தயாரித்து அனுப்பியவையும் இளம் அணுக்கள், அவற்றில் என்சைம் இருக்கிறது, போதாததற்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதில் கொடுத்தவரின் அணுக்களும் கலந்திருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் குறைவு என்று தெளிவாக வந்தது. ஆகவே ரத்தம் சிதைந்துகொண்டிருக்கும் நேரத்திலோ அதற்கடுத்த சில வாரங்களிலோ எடுத்த டெஸ்ட் நார்மல் என்று வந்தால் அதை நம்பி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மகனுக்கு இப்போது ரத்தம் சிதையவில்லை என்றாலும், மலேரியாவே வயதான அணுக்களில் பலவற்றை அழித்திருக்கும் என்பதால், இப்போது எடுக்கும் டெஸ்ட்டில் அளவு கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம் என்பதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

சரி, கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு என்ன வழி? உலக சுகாதார நிறுவனம் இந்தக் குறைவு உள்ளவர்களுக்குச் சொல்லும் முறை, கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒரே ஒரு தடவை, மொத்தம் 8 வாரம். 60 கிலோ என்றால் ஒரு தடவைக்கு 45 மில்லிகிராம். தினசரி அளவைவிட இது மூன்று மடங்கு ஆயிற்றே என்று பயம் வரும். ஒவ்வொரு தடவையும் கிழட்டு அணுக்களில் ஒரு சிறு பகுதி உடையும், அடுத்த ஆறு நாளில் மஜ்ஜை புது அணுக்களை அனுப்பி ஈடுகட்டும், அந்தப் புது அணுக்கள் அடுத்த மாத்திரையைத் தாங்கும். தினமும் கொடுத்தால் அந்த இடைவெளி கிடைக்காது. ஆனால் இதை வீட்டில் நீங்களாகக் கணக்குப்போட்டுக் கொடுக்கக்கூடாது. முதல் மாத்திரைக்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள் போல மறுபடி பார்க்க வேண்டும், ரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குறைவு கடுமையாக இருந்தால், பிரைமாகுயினே வேண்டாம், காய்ச்சல் திரும்பினால் மறுபடி குளோரோகுயின் கொடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் முடிவெடுக்கவும் கூடும். அதுவும் நியாயமான முடிவுதான். இன்னொன்று, டஃபெனோகுயின் என்று ஒரே தடவை சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. அது உடம்பிலிருந்து பாதி வெளியேறவே இரண்டு வாரம் ஆகும். பிரச்சினை வந்தால் நிறுத்தவே முடியாது, ஆகவே உங்கள் மகனுக்கு அது கூடவே கூடாது.

வாரம் ஒரு தடவை முறையை ஆரம்பித்தாலும் சரி, தெரியாமல் ஏற்கெனவே ஒன்றிரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் சரி, முதலில் கவனிக்க வேண்டியது சிறுநீரை. பெரும்பாலும் முதல் மாத்திரையிலிருந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மாற்றம் தெரியும். காலையில் முதல் சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வரும் அடர் மஞ்சள், நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தால் அடுத்த தடவை வெளுத்துவிடும். கட்டஞ்சாயா நிறமோ, டிகாக்‌ஷன், கோலா நிறமோ தண்ணீருக்கு அசையாது. அந்த நிறத்தைப் பார்த்த நிமிடமே மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சரி. சிலருக்குச் சிறுநீர் மாறாமலே கண் மஞ்சளாகும், உதடும் கீழ் இமையின் உள்பக்கமும் வெளுக்கும், நடந்தாலே படபடப்பு வரும், முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கும். மலேரியாவுக்குப் பிந்தைய அசதி நாளுக்கு நாள் குறையும், இது நாளுக்கு நாள் கூடும், அதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். சிறுநீர் அளவே குறைந்துபோனால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

உதடும் நகமும் நீலம் பாய்ந்து, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 85 பக்கத்தில் நின்றால் அது வேறு ஒரு பிரச்சினை. பிரைமாகுயின், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் இரண்டுமே ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடலாம். அதற்கு வழக்கமாகப் போடும் ஊசி மெத்திலீன் ப்ளூ. அதுவே ஜி6பிடி குறைந்தவர்களின் ரத்தத்தைச் சிதைக்கும். எமர்ஜென்சியில் நுழையும்போதே வாய்விட்டு ஜி6பிடி குறைவு என்று சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

மற்ற மருந்துகளில் உறுதியாக விலக்க வேண்டியவை, தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் நைட்ரோஃப்யூரான்டாயின், சிறுநீர் எரிச்சலுக்கான ஃபெனாசோபிரிடின், புற்றுநோய் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கப் போடும் ராஸ்புரிகேஸ். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகளைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம், பலர் வழக்கமான அளவைத் தாங்கிக்கொள்வார்கள், ஆனால் அதை டாக்டர் தீர்மானிக்கட்டும். மருந்து இல்லை என்றாலும் பீரோவில் போடும் பாச்சை உருண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள நாப்தலீன் இதே வேலையைச் செய்யும். சுற்றில் வரும் நீளமான பட்டியல்களைப் பார்த்து, பாராசிட்டமால்கூடக் கொடுக்காமல் காய்ச்சலில் தவிக்க விடுகிறார்கள் சிலர். சரியான அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை, விலக்க வேண்டியது வடக்கே பாக்லா என்று சொல்லும் ஃபேவா பீன்ஸ் ஒன்றைத்தான்.

கடைசியாக உங்களுக்கு. இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கு அது அம்மாவான உங்களிடமிருந்துதான் வந்திருக்கும். உங்கள் சிவப்பணுக்களில் ஒரு பகுதிக்கு என்சைம் போதாமல் இருக்கலாம், நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லும் சாதாரண டெஸ்ட்டில் பெண்களுக்கு இது பிடிபடாமல் போவது உண்டு. அளவை எண்ணாகச் சொல்லும் டெஸ்ட்டை நீங்களும் ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்று போகும்போது நைட்ரோஃப்யூரான்டாயின் எழுதுவதற்கு முன்பே மகனுக்கு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் அக்கா தங்கைகளுக்கு மகன்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.